நாடு ஒன்றாம் எண்ணில், அதிகாரம் ஏழாம் எண்ணில்

பிலிப்பைன்ஸ், ரஷ்யா, ஜார்ஜியா என்று போய் மருத்துவம் படித்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்புகிற பிள்ளைகள், இங்கே மருத்துவராகப் பதிவு செய்வதற்கு முன் எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வை எழுத வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்போது, பட்டச் சான்றிதழ் மீது அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பமோ அப்போஸ்டிலோ இருக்கிறதா என்று கேட்பார்கள். எதிர்த் திசையிலும் இதே கதைதான். இங்கே பி.இ. முடித்து இத்தாலிக்கு மேல்படிப்புக்குப் போகிறவரும், நர்சிங் முடித்து ஓமனுக்கு வேலைக்குப் போகிறவரும் அதே அப்போஸ்டிலுக்காக அலைகிறார்கள்.

ஏஜென்ட்டிடம் பணம் கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் அந்தத் தாள் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் அதைப் படிப்பதே இல்லை. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, முத்திரை இருக்கிறது, போதும் என்று ஃபைலில் வைத்துவிடுகிறார்கள். பிறகு ஏதோ ஒரு விண்ணப்பப் படிவத்தில் 'அப்போஸ்டில் வழங்கிய நாடு', 'வழங்கிய அதிகார அமைப்பு', 'எண்', 'தேதி' என்று நான்கு கட்டங்கள் வருகின்றன. அங்கேதான் தடுமாற்றம். நாடு என்ற இடத்தில் சிலர் இந்தியா என்று தம் குடியுரிமையை எழுதுகிறார்கள். அதிகார அமைப்பு என்ற இடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதுகிறவர்கள் அதைவிட அதிகம். தாளின் தலைப்பில் ஹேக் என்ற ஊரின் பெயர் இருப்பதைப் பார்த்து, நாடு நெதர்லாந்து என்று நிரப்புகிறவர்களும் உண்டு.

இந்தத் தடுமாற்றத்துக்கு அவசியமே இல்லை. எந்த நாட்டு அப்போஸ்டிலாக இருந்தாலும், எந்த மொழியில் இருந்தாலும், படிக்கும் முறை ஒன்றுதான். 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் உருவான சர்வதேச ஒப்பந்தம் அப்படி விதித்திருக்கிறது. இந்த ஒப்பந்தம் இந்தியாவில் 2005 ஜூலை 14 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் ஒரு பட்டத்தை வெளிநாட்டில் காட்ட வேண்டுமானால் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம் எல்லாம் தாண்டி, போகிற நாட்டின் தூதரகத்திலும் முத்திரை வாங்கியாக வேண்டும். அந்தக் கடைசிப் படியை ஒப்பந்தம் எடுத்துவிட்டது. ஆவணம் பிறந்த நாடே ஒரு சான்றை ஒட்டிக் கொடுக்கும். ஒப்பந்தத்தில் உள்ள மற்ற நாடுகள் அதை ஏற்க வேண்டும். தலைப்பில் ஹேக் நகரின் பெயர் வருவது ஒப்பந்தத்தைக் குறிக்கத்தான். அந்த ஊரில் யாரும் உங்கள் பட்டத்துக்கு முத்திரை குத்தவில்லை.

ஒப்பந்தத்தின் மாதிரிப்படி அப்போஸ்டில் ஒரு சதுரம். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 9 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். உள்ளூர் மொழி எதுவானாலும் தலைப்பு பிரெஞ்சு மொழியில் இருந்தாக வேண்டும். அதன் கீழே 1 முதல் 10 வரை எண்ணிட்ட கட்டங்கள் வரும். இந்த எண்கள் எந்த நாட்டிலும் இடம் மாறுவதில்லை. உங்களுக்கு ரஷ்ய எழுத்து ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும், 7 என்ற எண்ணுக்கு எதிரில் இருப்பது வழங்கிய அமைப்பு அல்லது அதிகாரி என்று உறுதியாகச் சொல்லலாம்.

பத்தையும் இரண்டு பாகமாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். 1 என்பது நாடு. 2, 3, 4 ஆகிய மூன்றும் உங்கள் ஆவணத்தைப் பற்றியவை: அதில் கையெழுத்துப் போட்டவர் யார், எந்தப் பதவியில் இருந்து போட்டார், அதில் இருக்கும் முத்திரை யாருடையது. 'சான்றளிக்கப்பட்டது' என்ற சொல்லுக்குப் பிறகு வருகிற 5 முதல் 10 வரை அப்போஸ்டிலைப் பற்றியவை: எந்த ஊரில், எந்தத் தேதியில், யாரால், எந்த எண்ணில் வழங்கப்பட்டது, பிறகு முத்திரை, கையெழுத்து. படிவங்கள் கேட்பது 1, 6, 7, 8 ஆகிய நான்கைத்தான். ஆனால் அந்தத் தாள் எந்த அளவுக்குப் பெறும் என்பதைச் சொல்வது 2, 3, 4. யார் உறுதி கொடுக்கிறார் என்பது ஏழில் இருக்கிறது. எதற்கு உறுதி கொடுக்கிறார் என்பது இரண்டில் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர் அப்போஸ்டிலைப் படிக்கவில்லை என்பதே என் கருத்து.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். பிலிப்பைன்ஸின் டவாவ் நகரில் தமிழ் மாணவர்கள் நிறையப் பேர் மருத்துவம் படிக்கிறார்கள். அங்கே ஒரு மாணவி பட்டம் வாங்கிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி பட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் தருகிறது. அடுத்து, அந்த நாட்டின் உயர்கல்வி ஆணையம் அவற்றைச் சரிபார்த்து ஒரு சான்று தருகிறது. சி.ஏ.வி. என்று அங்கே எல்லோரும் சொல்வது அதைத்தான். அதைக் கொண்டுபோனால் வெளியுறவுத் துறை அப்போஸ்டில் ஒட்டும். பிலிப்பைன்ஸில் இந்த முறை நடைமுறைக்கு வந்தது 2019 மே 14 அன்று. அதற்கு முந்தைய சீனியர்களின் பட்டத்தில் வேறு மாதிரி முத்திரைகள் இருப்பதற்கு அதுவே காரணம்.

இப்போது தாளைப் பார்க்கலாம். எண் 1-க்கு எதிரில் பிலிப்பைன்ஸ். எண் 2-ல் ஒரு பெயர் இருக்கிறது. அது டீன் பெயர் இல்லையே, வேறு யாருடைய தாளோ வந்துவிட்டதோ என்று மாணவி பதற வேண்டாம். அது சி.ஏ.வி. சான்றில் கையெழுத்திட்ட உயர்கல்வி ஆணைய அதிகாரியின் பெயர். எண் 3-ல் அவருடைய பதவி, எண் 4-ல் அந்த ஆணையத்தின் முத்திரை. எண் 5-ல் ஊர், 6-ல் தேதி. எண் 7-ல் வெளியுறவுத் துறையும் அதன் சான்றளிக்கும் அதிகாரியும். ஆகவே படிவத்தில் வழங்கிய நாடு பிலிப்பைன்ஸ், வழங்கிய அமைப்பு அந்நாட்டு வெளியுறவுத் துறை. உயர்கல்வி ஆணையம் என்று எழுதினால் தவறு. அது நான்காம் எண்ணின் ஆள், ஏழாம் எண்ணின் ஆள் அல்ல. தேதி என்று கேட்கும் இடத்தில் பட்டமளிப்பு விழாத் தேதியை எழுதக் கூடாது, ஆறாம் எண்ணில் உள்ளதை எழுத வேண்டும். எண் என்று கேட்டால் எட்டாம் எண்ணுக்கு எதிரில் உள்ளது; பட்டத்தின் வரிசை எண் அல்ல.

எல்லா நாட்டிலும் இந்த வேலையை வெளியுறவுத் துறைதான் செய்கிறது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. எந்த அமைப்பு வழங்கலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தானே தீர்மானித்து ஹேக் அமைப்புக்குத் தெரிவிக்கிறது. ஜார்ஜியாவில் கல்விச் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் தருவது கல்வித் தர மேம்பாட்டுக்கான தேசிய மையம். சிங்கப்பூரில் சட்டக் கழகம். பிரிட்டனில் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றளிப்பு அலுவலகம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தருகிறது. கலிபோர்னியாவில் படித்தவரின் அப்போஸ்டிலில் எண் 1-ல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்று இருக்கும், எண் 7-ல் கலிபோர்னியா மாநிலத்தின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் இருப்பார். நாட்டின் பெயரை எழுதச் சொன்ன இடத்தில் கலிபோர்னியா என்று எழுதக் கூடாது. அமைப்பைக் கேட்ட இடத்தில் வெறுமனே அமெரிக்க அரசு என்றும் எழுதக் கூடாது. வாஷிங்டனில் உள்ள மத்திய வெளியுறவுத் துறையும் அப்போஸ்டில் தருகிறது, ஆனால் அது மத்திய அரசின் ஆவணங்களுக்கு.

அமெரிக்க உதாரணத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, எண் 2. அங்கே பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எவர் பெயரும் இருக்காது. ஒரு நோட்டரியின் பெயர் இருக்கும். நியூயார்க்காக இருந்தால், அந்த நோட்டரிக்குச் சான்று கொடுத்த கவுண்டி கிளார்க்கின் பெயர் இருக்கும். நடந்தது இவ்வளவுதான்: பட்டத்தையோ அதன் நகலையோ ஒட்டி ஒரு உறுதிமொழி எழுதப்பட்டது, நோட்டரி கையெழுத்திட்டார், அந்த நோட்டரி கையெழுத்து உண்மை என்று மாநிலம் அப்போஸ்டில் கொடுத்தது. பட்டம் உண்மையா என்று மாநில அலுவலகம் பார்க்கவில்லை. பார்ப்பதாக அது சொல்லவும் இல்லை. ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அப்போஸ்டில் உறுதிப்படுத்துவது கையெழுத்தையும், கையெழுத்திட்டவரின் பதவியையும், முத்திரையையும்தான். உள்ளே எழுதியிருப்பது மெய்யா என்பதை அல்ல.

போலிப் பட்டம் விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கீகாரமே இல்லாத ஒரு நிறுவனம் அச்சடித்த பட்டத்தின் நகலுக்கும் நோட்டரி கையெழுத்து வாங்கலாம். அந்தக் கையெழுத்துக்கு முறையான, கலப்படமில்லாத அப்போஸ்டிலும் வாங்கலாம். "அரசாங்கமே அப்போஸ்டில் கொடுத்திருக்கிறது சார்" என்று சொல்லி விற்பார்கள். அப்போஸ்டில் அசல், பட்டம் போலி. அதற்காக, எண் 2-ல் நோட்டரி பெயர் இருந்தாலே மோசடி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்காவின் நல்ல பல்கலைக்கழகங்களின் பட்டமும் அந்த வழியாகத்தான் வருகிறது. நோட்டரி பெயரைப் பார்த்தால், பட்டத்தைப் பல்கலைக்கழகத்திடம் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களும், வெளிநாட்டுப் பட்டம் சொல்லி வருகிற வரனைப் பார்க்கிற பெற்றோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ரஷ்யாவில் படித்தவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. அவர்கள் கையில் சில சமயம் இரண்டு அப்போஸ்டில் இருக்கும். ஒன்று அசல் பட்டத்தின் மீது, கல்வித் துறை சார்ந்த அமைப்பு தந்தது. மாஸ்கோ போன்ற நகரங்களில் அந்தந்தப் பிராந்தியத்தின் கல்வி நிர்வாகம் இதைச் செய்கிறது. இன்னொன்று நோட்டரி சான்றளித்த நகல் அல்லது மொழிபெயர்ப்பின் மீது, நீதி அமைச்சகத்தின் அலுவலகம் தந்தது. இரண்டிலும் எண் 1 ஒன்றேதான், ரஷ்யக் கூட்டமைப்பு. எண் 7 வேறு, எண் 2 வேறு. முதலாவது பட்டத்தில் இருக்கும் கையெழுத்தைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது நோட்டரியைப் பற்றிப் பேசுகிறது. பட்டத்துக்கு அப்போஸ்டில் கேட்கும் இடத்தில் இரண்டாவதை மட்டும் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டால், குறை எங்கே என்று மாணவருக்கே புரிவதில்லை. ஏழாம் எண்ணை ஒரு முறை மொழிபெயர்த்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

இனி நம் நாட்டு அப்போஸ்டில். இந்தியாவில் வழங்குவது வெளியுறவு அமைச்சகம். பட்டத்தின் பின்பக்கத்தில் ஸ்டிக்கராக ஒட்டுவார்கள். ஆவணத்துக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய்தான். ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் வாங்குவது அலைச்சலுக்கும் மாநில அளவிலான வேலைகளுக்கும் சேர்த்து. அமைச்சகம் நேரில் தாள் வாங்குவதில்லை, அது நியமித்த சேகரிப்பு நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். 2019 முதல் டெல்லிக்கு அனுப்பாமல் சென்னையிலுள்ள அமைச்சகக் கிளையிலேயே வேலை முடிகிறது.

அதற்கு முன் மாநில அரசின் சான்று வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டங்களுக்கு உயர்கல்வித் துறை, பள்ளி மதிப்பெண் பட்டியலுக்குப் பள்ளிக் கல்வித் துறை. பட்டம் எந்த மாநிலத்தில் வாங்கப்பட்டதோ அந்த மாநிலம்தான் சான்று தர வேண்டும். பெங்களூரில் படித்தவருக்கு ஆதாரில் மதுரை முகவரி இருந்தாலும் போக வேண்டியது கர்நாடக அரசிடம். இந்திய ஸ்டிக்கரின் எண் 2-ல் துணைவேந்தர் பெயர் இல்லாமல் மாநிலத் துறையின் அதிகாரி பெயர் இருப்பது இதனால்தான். அமைச்சகத்திடம் மாதிரிக் கையெழுத்து இருப்பது அவருடையதுதான். சில சமயம் அந்த இடத்தில் சப் டிவிஷனல் மாஜிஸ்திரேட் என்று இருக்கும். மாநிலக் கல்வித் துறையைத் தவிர்த்துவிட்டு வேகமான வழியில் வேலை முடித்திருக்கிறார்கள் என்று பொருள். ஸ்டிக்கர் அசல்தான். ஆனால் கல்வித் துறையின் சான்றுதான் வேண்டும் என்று நிபந்தனை வைக்கிற வெளிநாட்டு அலுவலகங்கள் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பலாம். பணம் கட்டும் முன்பே எந்த வழியில் போகப் போகிறீர்கள் என்று ஏஜென்ட்டிடம் கேட்டுவிடுவது நல்லது. லாமினேஷன் செய்த சான்றிதழில் முத்திரை குத்தவும் முடியாது, ஸ்டிக்கர் நிற்கவும் நிற்காது. நம் வீடுகளில் பட்டம் வந்த மறுநாளே லாமினேட் செய்துவிடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

எண் 1-ஐயும் எண் 7-ஐயும் படிக்கத் தெரிந்தவருக்குச் சில தவறுகள் பார்த்ததுமே கண்ணில் படும். ஒரு நாட்டின் பட்டத்துக்கு இன்னொரு நாடு அப்போஸ்டில் தர முடியாது. அமெரிக்காவில் எம்.எஸ். முடித்துச் சென்னை திரும்பியவர் இங்கே அதற்கு அப்போஸ்டில் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. அதிகம் போனால் இங்கே ஒரு நோட்டரி நகலுக்குத்தான் கிடைக்கும். அதன் எண் 1-ல் இந்தியா என்று இருக்கும், அமெரிக்கப் பட்டத்துக்கு அது பயன்படாது. அதேபோல் எண் 7-ல் தூதரகம் என்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும். தூதரக அதிகாரிகள் தயாரிக்கும் ஆவணங்களை ஒப்பந்தத்தின் முதல் பிரிவே விலக்கி வைத்திருக்கிறது. தூதரகம் தருவது சான்றொப்பம், அப்போஸ்டில் அல்ல.

சரிபார்ப்பது கடினமில்லை. வழங்கிய ஒவ்வொரு அப்போஸ்டிலையும் எண்ணோடும் தேதியோடும் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும் என்றும், சம்பந்தப்பட்ட எவர் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும் என்றும் ஏழாவது பிரிவு சொல்கிறது. பல நாடுகள் அந்தப் பதிவேட்டை இணையத்தில் வைத்திருக்கின்றன. பிரிட்டன் அப்போஸ்டிலாக இருந்தால் verifyapostille.service.gov.uk என்ற முகவரியில் எண்ணையும் தேதியையும் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. தாளில் அச்சிட்டிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, வருகிற பக்கத்தில் 'செல்லும்' என்று வந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். போலித் தாள் அடிக்கிறவரால் போலிப் பக்கமும் செய்ய முடியும். ஹேக் அமைப்பின் தளமான hcch.net-இல் அப்போஸ்டில் பகுதிக்குப் போனால், நாடு வாரியாக வழங்கும் அமைப்புகளின் பட்டியல் இருக்கிறது. ஏழாம் எண்ணில் உள்ள பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவேட்டின் முகவரியையும் அங்கிருந்தே எடுங்கள்.

அந்தத் தளத்திலேயே பார்க்க வேண்டிய இன்னொரு பட்டியல், எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் இடையே ஒப்பந்தம் செல்லும் என்பது. ஐக்கிய அரபு அமீரகமும் கத்தாரும் குவைத்தும் ஒப்பந்தத்தில் இல்லை. அங்கே போகிறவர்களுக்கு வெளியுறவு அமைச்சகச் சான்றொப்பமும் அதன் பிறகு அந்நாட்டுத் தூதரக முத்திரையும்தான் வேண்டும். சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும் ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டன, ஆனால் பழைய முறையையே சொல்லும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். ஜெர்மனி ஒப்பந்தத்தில் இருந்தாலும், இந்தியா சேர்ந்தபோது ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இந்திய அப்போஸ்டில் ஜெர்மனியில் எதிர்பார்த்த வேலையைச் செய்யாது. அங்கே படிக்கப் போகிறவர்கள், பல்கலைக்கழகமோ தூதரகமோ எழுத்தில் கேட்காத வரை, அப்போஸ்டிலுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

உங்கள் வீட்டிலோ உறவிலோ யாருக்காவது அப்போஸ்டில் தாள் வந்திருந்தால் இன்றே அதை எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். தனித் தாளாக ஸ்டேப்ளர் அடித்து வந்திருந்தால், ஜெராக்ஸ் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று பின்னைப் பிரிக்காதீர்கள். பிரித்த தாளைப் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை. பிறகு 1, 2, 6, 7, 8 ஆகிய எண்களுக்கு எதிரில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, பட்டத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிழை ஏதாவது இருந்தால், அதைத் திருத்தித் தர முடிந்தது ஏழாம் எண்ணில் உள்ள அந்த அலுவலகம் ஒன்றுதான்; அதுவும் வேறு நாட்டில் இருக்கக்கூடும். விண்ணப்பத்தின் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.